தானாகக் கழியும் அரை மணி நேரம்: அமெரிக்க மருத்துவமனை வேலைக்குப் புதியவர் டைம்கார்டைச் சரிபார்க்கும் வழி

அமெரிக்காவில் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குச் சேரும் நர்ஸ், நர்சிங் அசிஸ்டன்ட், லேப் டெக்னீஷியன் பலருக்கு முதல் சம்பளத்திலேயே ஒரு கணக்கு இடிக்கும். காலை 7:00 மணிக்கு வருகைப் பதிவுக் கடிகாரத்தில் உள்ளே பஞ்ச் செய்திருப்பார். மாலை 7:30 மணிக்கு வெளியே பஞ்ச். இடையில் பன்னிரண்டரை மணி நேரம். டைம்கார்டிலோ 12.00 என்று இருக்கும். காணாமல் போன அந்த 0.50 மதிய உணவுக்கானது. அவர் சாப்பிட்டாரா, எப்போது சாப்பிட்டார், யாராவது நடுவில் கூப்பிட்டார்களா என்பதெல்லாம் அந்தக் கணினிக்குத் தெரியாது. ஷிப்ட் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் அரை மணியைக் கழித்துவிடு என்று அதற்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படிக் கழிப்பது சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தானியங்கிக் கழிவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்யவில்லை. கழிக்கப்பட்ட நேரத்தில் ஊழியருக்கு உண்மையில் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எனவே தகராறு வரும்போது வாதம் கழிவைப் பற்றிப் போகாது. ஓய்வு கிடைக்கவில்லை என்பதை யார், எப்போது, எந்த வழியில் எழுத்தில் தெரிவித்தார் என்பதைப் பற்றியே போகும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

படி 1: உங்கள் இடத்தில் எந்த முறை என்று கண்டுபிடியுங்கள்

சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு ஷிப்டுகளின் டைம்கார்டைத் திறந்து பாருங்கள். ஒரு நாளுக்கு இரண்டே பஞ்ச் இருந்து, மொத்த நேரம் அரை மணி குறைவாக இருந்தால் அது தானியங்கிக் கழிவு. நான்கு பஞ்ச் இருந்தால், அதாவது உணவுக்கு வெளியே போனதும் திரும்பியதும் பதிவாகியிருந்தால், அது பதிவு செய்யும் முறை. இரண்டையும் கலந்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கலப்பு முறையில் மூன்று விஷயங்களைச் சம்பளக் கணக்குப் போடும் பேரோல் அலுவலகத்திடம் கேட்டு வையுங்கள். எத்தனை மணி நேர ஷிப்டுக்கு மேல் கழிவு தொடங்குகிறது? உணவுக்குப் பஞ்ச் செய்தால் தானியங்கிக் கழிவு நின்றுவிடுமா? முப்பது நிமிடத்துக்கும் குறைவாகப் பஞ்ச் செய்தால் என்ன ஆகும்?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், நோயாளிகள் குறைவான நாளில் ஊழியரைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்புவார்கள். 7:00 மணிக்கு வந்தவர் 13:05-க்குக் கிளம்புகிறார் என்றால் ஆறு மணி ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அவர் சாப்பிடவே இல்லை, வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பினார். கணினி அரை மணியைக் கழித்து 5.58 என்று எழுதிவிடும். ஐந்து நிமிடம் முன்னால் பஞ்ச் செய்திருந்தால் முழு ஆறு மணிக்கும் கூலி கிடைத்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கான பதில் தவறாக அமைக்கப்பட்டிருந்தால் இரட்டைக் கழிவு நடக்கும். நீங்கள் பஞ்ச் செய்த முப்பது நிமிடமும் போகும், கணினியின் முப்பது நிமிடமும் போகும். நான்கு பஞ்ச் உள்ள நாளில் மொத்த நேரத்தைக் கையால் கூட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மூன்றாவது கேள்வியின் தகராறு இன்னும் நுணுக்கமானது. பதினெட்டு நிமிடத்தில் கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பஞ்ச் செய்கிறீர்கள். கணினி அதை முப்பதாக நிரப்பிக் கழித்துவிடுகிறது. அது ஏன் தவறு என்பது அடுத்த படியில்.

படி 2: எந்த நிமிடங்கள் வேலை நேரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டாட்சி விதிகளில் இரண்டு பிரிவுகள் போதும். கூட்டாட்சி விதித் தொகுப்பில் 29 CFR 785.18 என்ற விதி, 5 முதல் 20 நிமிடம் வரையிலான குறுகிய இடைவேளை வேலை நேரமாகவே எண்ணப்பட வேண்டும் என்கிறது. டீ குடிக்கப் போனதும் கழிவறைக்குப் போனதும் இதில் வரும். 29 CFR 785.19 என்ற விதி உணவு இடைவேளையைப் பற்றியது. சாதாரணமாக 30 நிமிடமோ அதற்கு மேலோ இருந்து, அந்த நேரம் முழுவதும் ஊழியர் வேலையிலிருந்து விடுபட்டிருந்தால்தான் அதற்குக் கூலி தர வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னால் அது இடைவேளை ஆகாது. வளாகத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை என்பதால் மட்டும் அது வேலை நேரமும் ஆகிவிடாது.

மேலே சொன்ன பதினெட்டு நிமிடம் இப்போது புரியும். அது இருபதுக்குள் வருவதால் முழுதும் கூலிக்குரிய நேரம். முப்பதைக் கழிக்கவும் முடியாது, பதினெட்டைக் கழிக்கவும் முடியாது. அதேபோல் பன்னிரண்டு நிமிடம் சாப்பிட்டு, அழைப்பு மணி கேட்டு எழுந்து, கால் மணி கழித்து வந்து இன்னொரு பத்து நிமிடம் சாப்பிட்டால், இரண்டு துண்டையும் சேர்த்து இருபத்திரண்டு நிமிட உணவு இடைவேளை என்று கணக்கு எழுத முடியாது. இரண்டும் தனித்தனிக் குறுகிய இடைவேளைகள்தான்.

தெளிவில்லாத இடமும் ஒன்று உண்டு. சாப்பிடும்போது வார்டு தொலைபேசியைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள், ஆனால் அது அடிக்கவில்லை. இது வேலையா? பல நீதிமன்றங்கள், அந்த நேரம் பெரும்பாலும் யாருடைய நன்மைக்காகச் செலவானது என்று பார்க்கின்றன. ஒருமுறையும் அடிக்காத தொலைபேசியை வைத்து வழக்கை வெல்வது கடினம். நாள்தோறும் ஐந்து முறை அடிக்கும் தொலைபேசி வேறு விஷயம். அதனால்தான் தொலைபேசி இருந்தது என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. எத்தனை மணிக்கு அடித்தது, எழுந்து போனீர்களா என்பதையும் எழுத வேண்டும்.

மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். கூட்டாட்சிச் சட்டம் பெரியவர்களுக்கு உணவு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. கொடுத்தால் எப்படி எண்ணுவது என்றுதான் சொல்கிறது. கலிபோர்னியாவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு ஐந்தாம் மணி முடிவதற்குள் 30 நிமிட உணவு இடைவேளை தந்தாக வேண்டும், அதன் தொடக்கமும் முடிவும் பதிவாக வேண்டும். விதிப்படி இடைவேளை தராத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகத் தர வேண்டும். ஆகவே உங்கள் மாநிலத்தின் தொழிலாளர் துறைப் பக்கத்தை முதல் வாரத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 3: தவறிய இடைவேளையை அன்றைக்கே, அவர்கள் சொன்ன வழியில் தெரிவியுங்கள்

இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். வேலை முடிந்த களைப்பில், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்கும்போது, ஒரு படிவத்தை நிரப்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கிறது.

தானியங்கிக் கழிவு உள்ள இடங்களில் அதை ரத்து செய்ய ஒரு வழி வைத்திருப்பார்கள். சில இடங்களில் வெளியே பஞ்ச் செய்யும்போது கடிகாரத் திரையில் `Cancel Meal Deduction` அல்லது `No Lunch` என்று ஒரு பொத்தான் இருக்கும். சில இடங்களில் காகிதப் பதிவேடு, சில இடங்களில் சூப்பர்வைசருக்கு மின்னஞ்சல். எது என்று பணியாளர் கையேட்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் ஒரு அவசரச் சிகிச்சைப் பிரிவு நர்ஸ் தொடுத்த வழக்கு நல்ல சான்று. அந்த மருத்துவமனையில் அரை மணி தானாகக் கழியும். இடைவேளை தவறினால் தனிப் பதிவேட்டில் எழுதினால் கூலி வந்துவிடும். அவர் எழுதிய சமயங்களில் கூலி கிடைத்தது. பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். உணவு நேரம் கிடைப்பதில்லை என்று மேலதிகாரிகளிடம் அவ்வப்போது சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குக் கூலி வரவில்லை என்று சொல்லவில்லை. 2012-இல் 6-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கமே தீர்ப்பளித்தது. நியாயமான பதிவு முறையை நிர்வாகம் வைத்திருந்து, ஊழியர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டாதவரை பொறுப்பு அதன் மேல் வராது என்பது தீர்ப்பின் சாரம்.

"சாப்பிடக்கூட நேரமில்லை" என்று அந்த ஷிப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் புலம்புவதும், "இன்று 13:00 மணி இடைவேளை கிடைக்கவில்லை, அரை மணிக் கழிவை ரத்து செய்யுங்கள்" என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னதை எல்லோரும் எல்லா நாளும் சொல்வார்கள். பின்னதுதான் நிர்வாகத்தின் கையில் ஒரு தகவலாகப் போய்ச் சேர்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பதிவேடு இருக்கிறது, ஆனால் அதில் எழுதினால் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார், "நேரத்தை ஒழுங்காகத் திட்டமிடத் தெரியவில்லையா" என்று கேட்கிறார், அடுத்த மாத ஷிப்ட் குறைகிறது. அப்படியென்றால் அந்த முறை பெயரளவில்தான் இருக்கிறது, நீதிமன்றங்களும் அதை அப்படிப் பார்க்கும். எழுதாதே என்று சொன்னவர் யார், எந்தத் தேதி, என்ன சொற்கள் என்று குறித்து வையுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மெம்பிஸ் தீர்ப்பு உங்களுக்கு எதிராக எளிதில் திரும்பாது.

படி 4: உங்களுக்கென்று ஒரு குறிப்பு வைத்திருங்கள்

சிறிய நோட்டு போதும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு வரி. இப்படி:

மார்ச் 4. 7:00 – 19:30. 13:10-க்கு உட்கார்ந்தேன், 13:22-க்கு அழைப்பு மணி, மறுபடி உட்காரவில்லை. 13:40-க்கு சார்ஜ் நர்ஸிடம் சொன்னேன். வெளியே போகும்போது `No Lunch` அழுத்தினேன்.

நோயாளியின் பெயர், அறை எண், நோய் விவரம் எதையும் இதில் எழுதாதீர்கள். மருந்து அட்டவணைத் திரையையோ கணினிப் பதிவையோ படம் பிடிக்காதீர்கள். நோயாளியின் தனியுரிமையைக் காக்கும் சட்டத்தின் கீழ் அது தனிக் குற்றமாகி, உங்கள் கூலிக் கோரிக்கையை விடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். அந்தப் பதிவுகள் எங்கும் போய்விடாது. நீங்கள் 13:24-க்கு மருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்திருந்தால் அந்த நேரம் மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது. வழக்கு வந்தால் வழக்கறிஞர் அதைக் கேட்டு வாங்குவார். உங்கள் நோட்டும் அந்த ஸ்கேன் நேரமும் பொருந்தினால் அதைவிட வலுவான சான்று வேறில்லை.

நிர்வாகத்தின் பதிவு சரியில்லை என்றால் ஊழியரின் குறிப்புக்கு என்ன மதிப்பு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே மிச்சிகன் மாநிலத்து மவுண்ட் கிளெமென்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலை வழக்கில் சொல்லிவிட்டது. நேரப் பதிவு வைத்திருப்பது முதலாளியின் கடமை. அவர் சரியாக வைக்கவில்லை என்றால், ஊழியர் நிமிடம் பிசகாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நியாயமாக ஊகிக்கக்கூடிய அளவுக்குக் காட்டினால் போதும். அதன் பிறகு மறுக்க வேண்டிய பாரம் முதலாளியுடையது.

படி 5: கணக்குப் போடுங்கள், வாரம் வாரமாக

மணிக்கு 20 டாலர் வாங்கும் ஒரு நர்சிங் அசிஸ்டன்ட். ஷிப்ட் 7:00 முதல் 19:30 வரை. எல்லா ஷிப்டிலும் அரை மணி கழிகிறது, எதிலும் இடைவேளை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் மூன்று ஷிப்ட். கூலி கொடுத்தது 36 மணிக்கு, 720 டாலர். உண்மையில் வேலை செய்தது 37.5 மணி. ஒன்றரை மணி நேரத்துக்கு 30 டாலர் பாக்கி. இது கூட்டாட்சிச் சட்ட மீறல் என்று உடனே தோன்றும். ஆனால் 1938-ஆம் ஆண்டின் ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டம் காப்பது குறைந்தபட்சக் கூலியையும், வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைமையும்தான். இங்கே 40-ஐத் தாண்டவில்லை. 720-ஐ 37.5-ஆல் வகுத்தால் மணிக்கு 19.20 டாலர். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான 7.25-க்கு வெகு மேலே. பல நீதிமன்றங்கள் இந்த வாரத்துக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி கோரிக்கை இல்லை என்றே சொல்லும். அந்த 30 டாலருக்கு மாநிலக் கூலிச் சட்டத்தையோ வேலை ஒப்பந்தத்தையோ பிடிக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் ஒரு ஷிப்ட் கூடுதலாக, மொத்தம் நான்கு. கூலி கொடுத்தது 48 மணிக்கு: 40 மணிக்கு 800, ஓவர்டைம் 8 மணிக்கு 30 டாலர் வீதம் 240, ஆக 1,040. உண்மையில் வேலை செய்தது 50 மணி. விடுபட்ட இரண்டு மணியும் ஓவர்டைமில் விழுவதால் பாக்கி 60 டாலர். நல்லெண்ணத்தோடும் நியாயமான காரணத்தோடும் நடந்துகொண்டோம் என்று முதலாளி நிரூபிக்காவிட்டால், அதே அளவு தொகை இழப்பீடாகவும் சேரும். 120 டாலர்.

ஒரே தவறு, ஒரே அரை மணி. ஒரு வாரம் ஒரு சட்டத்தில் வருகிறது, மறுவாரம் வேறொன்றில் வருகிறது. மொத்தமாக "ஆறு மாதமாக உணவு நேரமே இல்லை" என்று போய் நின்றால் யாராலும் கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு வாரத்தையும் தனி வரியாக எழுதுங்கள். இரவு ஷிப்டுக்குக் கூடுதல் தொகை வாங்குகிறவர் அதையும் சேர்த்தே ஓவர்டைம் வீதத்தைக் கணக்கிட வேண்டும். சில மருத்துவமனைகள் ஊழியர்களுடன் முன்கூட்டியே உடன்பட்டு 14 நாள் கணக்கு வைத்திருக்கும். அங்கே நாளுக்கு 8 மணி அல்லது 14 நாளுக்கு 80 மணி என்பதே எல்லை. உங்களுடையது எது என்று கேட்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.

பஞ்ச் செய்தால் தகராறே வராதா?

வரும், வேறு வடிவில். பதிவு முறை எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. அதிலும் மூன்று இடங்களில் நேரம் கசியும்.

ஒன்று, நிமிடங்களைச் சுற்றி எழுதுவது. மருத்துவப் பணியாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2021-இல் இதை எடுத்துப் பார்த்தது. அங்கே கணினி பஞ்ச் நேரத்தை அருகிலுள்ள பத்து நிமிடத்துக்குச் சுற்றும். 11:02-க்கு வெளியே போய் 11:25-க்குத் திரும்பினால் 11:00 – 11:30 என்று பதிவாகும். இருபத்து மூன்று நிமிடம் முப்பதாகிவிட்டது, குறைந்த இடைவேளை நிறைந்த இடைவேளையாகத் தோன்றியது. உணவு இடைவேளைப் பஞ்சுகளைச் சுற்றக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. பதிவே இடைவேளை தவறியதைக் காட்டினால், அது முதலாளி மறுக்கும் வரை மீறலுக்கான அனுமானமாக நிற்கும் என்றும் சொன்னது. இது கலிபோர்னியாவின் தீர்ப்பு. மற்ற மாநிலத்தில் இருப்பவர், தம் பஞ்ச் நேரம் எல்லாம் 0, 15, 30, 45 என்றே முடிகிறதா என்று பார்த்தால் சுற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டு, பிறகு திருத்துவது. திரும்பிவந்து பஞ்ச் செய்ய மறந்தால் சூப்பர்வைசர் கையால் முப்பது நிமிடம் என்று போட்டுவிடுவார். பெரும்பாலான மென்பொருளில் யார், எப்போது திருத்தினார் என்ற தடம் இருக்கும். சம்பளக் காலம் முடியும் முன் டைம்கார்டைப் பாருங்கள். சரி என்று அழுத்திய பிறகும் உரிமை போய்விடாது, கூட்டாட்சிக் கூலி உரிமையைத் தனி உடன்பாட்டால் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் அழுத்திய ஒப்புதல் உங்களுக்கு எதிரான சான்றாக மேசைக்கு வரும்.

மூன்று, பஞ்ச் செய்துவிட்டு வேலையைத் தொடர்வது. சில இடங்களில் முப்பது நிமிடம் முடியும் வரை மறுபடி பஞ்ச் செய்ய விடாமல் கடிகாரம் பூட்டிக்கொள்ளும். நோயாளி கூப்பிட்டால் நர்ஸ் போகத்தான் செய்வார். பதிவு முழு ஓய்வைக் காட்டும், உண்மை வேறாக இருக்கும். அப்போதும் படி 3-இல் சொன்ன திருத்தப் படிவம்தான் வழி.

படி 6: கேட்பது, யாரிடம், எவ்வளவு நாளுக்குள்

முதலில் பேரோலுக்கு எழுத்தில். தேதி, ஷிப்ட், கழிந்த நேரம், எத்தனை மணிக்கு ஏன் எழுந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், எவ்வளவு பாக்கி. கோபமான சொல் எதுவும் வேண்டாம். உண்மையிலேயே கவனக்குறைவால் நடந்த பிழை என்றால் பெரும்பாலும் அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிடுவார்கள். பதிலின் பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள், வேலை போனால் அலுவலகக் கணக்கு அன்றே மூடப்படும்.

பதில் வரவில்லை என்றால் அமெரிக்கக் கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் ஹவர் பிரிவை 1-866-487-9243 என்ற எண்ணில் அழைக்கலாம். புகார் செய்தவர் பெயரை அவர்கள் வெளியிட மாட்டார்கள், குடியேற்ற நிலை எதுவானாலும் புகாரை எடுப்பார்கள். விசாவைக் காட்டிப் பயமுறுத்தப்பட்டு வாய் மூடியிருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கூலி கேட்டதற்காகப் பழிவாங்குவது அதே சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். மாநிலத் தொழிலாளர் துறையிடமும் போகலாம், முதல் வாரத்து 30 டாலர் போன்ற பாக்கிக்கு அதுதான் சரியான இடம்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. முதலாளி தெரிந்தே மீறினார் என்று காட்டினால் மூன்று. இது ஒவ்வொரு சம்பள நாளுக்கும் தனித்தனியாக ஓடும், அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய மாதம் ஒன்று கையை விட்டுப் போகிறது. உடன் வேலை செய்பவர் கூட்டு வழக்குத் தொடுத்திருக்கிறார், நாமும் அதில் இருக்கிறோம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கூட்டாட்சிச் சட்டத்தின் கீழான கூட்டு வழக்கில் ஒவ்வொருவரும் தாமே கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். அது பதிவாகும் நாள் வரை உங்கள் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.